போன் மெதுவாகிவிட்டால் ரீசெட்டா, வரிசையாகச் செட்டிங்ஸா?

வாங்கி ஒன்றரை வருடம் ஆன ஆண்ட்ராய்டு போன் மெதுவாகிவிட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஒருவர் கிளீனர் ஆப் போடச் சொல்வார். இன்னொருவர் மொத்தமாக ரீசெட் செய்துவிடு என்பார். மூன்றாவது வழி, செட்டிங்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவது. எங்கள் வீட்டில் மாமாவின் போனுக்கு ரீசெட், அக்காவின் போனுக்குச் செட்டிங்ஸ் என்று இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. நான் செட்டிங்ஸ் பக்கம்தான்.

கிளீனர் ஆப்பை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அது காலி செய்யும் ரேம் கொஞ்ச நேரத்தில் மறுபடி நிரம்பிவிடும், ஏனென்றால் ரேமை நிரப்பி வைத்திருப்பதுதான் ஆண்ட்ராய்டின் வழக்கம். மூடப்பட்ட ஆப்பை முதலிலிருந்து திறக்க இன்னும் அதிக நேரமும் பேட்டரியும் போகும். கையால் ரீசன்ட் ஆப்ஸைத் தள்ளிக்கொண்டே இருப்பதும் இதே கதைதான். வேண்டாம்.

ரீசெட் அப்படியல்ல, அது வேலை செய்யும். மாமாவின் போன் ரீசெட் ஆனதும் புதிது போல ஓடியது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பை முதலில் கூகுள் டிரைவில் பேக்கப் எடுக்க வேண்டும். அது இப்போது கூகுளின் இலவச 15 ஜிபி கணக்கில்தான் சேர்கிறது, ஜிமெயிலும் போட்டோவும் ஏற்கெனவே அதை நிரப்பியிருந்தால் பேக்கப் பாதியில் நிற்கும். கூகுள் பாஸ்வேர்டு நினைவில் இல்லையென்றால், ரீசெட்டுக்குப் பிறகு போனே திறக்காமல் போகலாம். யுபிஐ ஆப்களில் அந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போய் மறுபடி பதிவாக வேண்டும். ஆதென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள் அதை வேறு போனுக்கு மாற்றிவிட்டுத்தான் ரீசெட்டைத் தொடலாம். இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. ரீசெட் செய்தால் போன் எதனால் மெதுவானது என்ற தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். பேக்கப்பிலிருந்து அதே வாட்ஸ்அப், அதே குரூப்கள், அதே ஆட்டோ டவுன்லோடு எல்லாம் திரும்பி வரும். சில மாதங்களில் மாமாவின் போன் பழையபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

அதனால் வரிசை முக்கியம். ஆனால் வரிசைக்கு முன், எப்போது மெதுவாகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். நெட் வேண்டிய வேலைகள் மட்டும் இழுத்தால் கோளாறு போனில் இருக்காது. சார்ஜ் குறையும்போது மட்டும் என்றால் பேட்டரி சேவர் தானாக ஆன் ஆகிறது என்று சந்தேகிக்கலாம். கை சுடும் அளவுக்குச் சூடானபோது மட்டும் என்றால், பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பினால் முதலாவது ஆரம்பத்திலிருந்து திறக்கிறதா, அது ரேம் பற்றாக்குறை. கேமராவில் எடுத்த படம் சேவ் ஆகத் தாமதம், ஆப் அப்டேட் முடிவதில்லை, கீபோர்டு வரத் தயக்கம், எல்லாம் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் ஸ்டோரேஜ்.

நான் முதலில் பார்ப்பதும் ஸ்டோரேஜைத்தான். ஃபிளாஷ் மெமரியில் தகவலைச் சிறு சிறு பக்கங்களாக எழுதலாம், ஆனால் அழிக்கும்போது பல பக்கங்கள் கொண்ட ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். காலி இடம் நிறைய இருந்தால் புதிய பிளாக்கில் எழுதிவிட்டுப் போய்விடும். விளிம்புவரை நிரம்பியிருந்தால், ஒரு பிளாக்கில் தேவையானவற்றை வேறிடம் நகர்த்தி, அதை அழித்து, அப்புறம்தான் எழுத முடியும். ஒரு சின்ன மெசேஜ் சேவ் ஆவதற்குள் இவ்வளவு நடக்கிறது. விலை குறைந்த போன்களில் இருக்கும் இஎம்எம்சி வகை ஸ்டோரேஜில் இது நன்றாகவே தெரியும். மொத்தத்தில் 15 சதவீதமாவது காலியாக இருக்கட்டும் என்பது என் கணக்கு.

அக்காவின் போன் 64 ஜிபி. "பழசாயிடுச்சு, மாத்திடலாம்டா" என்று அவள் முடிவே செய்துவிட்டாள். திறந்து பார்த்தால் சிஸ்டம் 16, ஆப்கள் 14, போட்டோக்கள் 9, வாட்ஸ்அப் மட்டும் 22 ஜிபி. மீதி இருந்தது 3 ஜிபி. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் Storage and data, அதில் Manage storage. அங்கே Larger than 5 MB என்ற பகுதியைத் திறந்தால் குரூப்பில் வந்த காலை வணக்க வீடியோக்களும் கல்யாண வீடியோக்களும் வரிசையாக நின்றன. வேண்டியதை அக்கா எடுத்து வைத்துக்கொள்ள, மற்றதில் 13 ஜிபி போனது. நாம் அனுப்பும் வீடியோவின் பிரதி Sent என்ற ஃபோல்டரில் தனியாகக் கிடக்கும், கேலரியில் தெரியாது, ஃபைல் மேனேஜரில் தேடினால்தான் கிடைக்கும். கேலரியில் அழித்தவையும் உடனே போவதில்லை. அவை 30 நாள் ட்ராஷில் இருக்கும், அதையும் காலி செய்ய வேண்டும்.

அழித்த அன்றைக்கே வித்தியாசம் தெரியவில்லையென்றால் கவலைப்பட வேண்டாம். காலியான இடத்தை ஃபிளாஷுக்கு அறிவிக்கும் டிரிம் வேலையை ஆண்ட்ராய்டு, போன் சும்மா இருந்து சார்ஜ் ஏறும் நேரத்தில்தான் செய்கிறது. ஒரு இரவு சார்ஜரில் விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் பராமரிப்பில் கோட்டைவிட்டால் ரீசெட்டின் கதிதான். வாட்ஸ்அப்பின் Media auto-download பகுதிக்குள் போய் வைஃபைக்குக் கீழேயும் வீடியோ டிக்கை எடுத்துவிட வேண்டும். பலர் Media visibility-ஐ ஆஃப் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது கேலரியிலிருந்து மறைப்பது மட்டும்தான், ஃபைல் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். டெலிகிராமில் கேஷை இத்தனை நாளில் தானாக அழி என்று வைக்கலாம், ஃபைல்கள் அவர்கள் சர்வரில் இருப்பதால் பயமில்லை. அக்காவின் போன் இன்றைக்கும் தள்ளாடாமல் ஓடுகிறது என்றால் இந்த டிக் எடுத்ததுதான் காரணம்.

ஸ்டோரேஜ் சரியாக இருந்தும் இழுத்தால் அடுத்து பேட்டரி சேவரைப் பாருங்கள். அப்புறம் சேஃப் மோட். பவர் மெனுவில் பவர் ஆஃப் பட்டனை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் வரும். நாம் போட்ட ஆப்கள் அதில் ஓடாது. அங்கே வேகமாக இருந்தால் குற்றவாளி ஒரு ஆப், கடைசியாகப் போட்டவற்றிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். பெரிய சிஸ்டம் அப்டேட் வந்த முதல் ஓரிரு நாள் மெதுவாக இருப்பது இயல்பு, ஆப்களைப் பின்னணியில் மறுபடி தயார்செய்துகொண்டிருக்கும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அனிமேஷனை 0.5x ஆக்குவது கண்ணுக்கு வேகம் காட்டும், அவ்வளவுதான்.

ஸ்டோரேஜிலிருந்து கொஞ்சம் எடுத்து ரேமாகக் கொடுக்கும் வசதி பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அக்காவின் போனில் அணைத்தது நல்லதாகவே பட்டது, ஆனால் அதே சமயம் இடமும் காலியாகியிருந்தது. ஐபோனிலும் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே பேட்டரி ஹெல்த்தை முன்னால் வைத்துப் பார்ப்பேன். தேய்ந்த பேட்டரியில் போன் திடீரென அணைந்துபோகாமல் இருக்க வேகத்தைக் குறைத்ததை ஆப்பிளே 2017-இல் ஒப்புக்கொண்டது. பேட்டரி மாற்றினால் வேகம் திரும்பிவிடும்.

சேஃப் மோடிலும் மெதுவாக இருந்து, ஸ்டோரேஜில் நல்ல இடமும் இருந்தால் அப்போது ரீசெட் செய்யலாம். அதிலும் ஆப்களை பேக்கப்பிலிருந்து மொத்தமாக இறக்காமல், தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள்.