வார்ப்பிரும்புச் சட்டியில் வஞ்சிரம்: எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம்?

எங்கள் வீட்டில் சில வருடங்களாக மீன் வறுவல் முழுக்க ஒரே சட்டியில்தான் நடக்கிறது. பத்து அங்குலம், ஏறக்குறைய இரண்டரை கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புச் சட்டி. இதை வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். மீனைப் போடுவதற்கு முன் சட்டி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? ஒவ்வொரு பக்கமும் எத்தனை நிமிடம் விட வேண்டும்?

முதலில் சட்டியின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மெதுவாகத்தான் கடத்தும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இந்த விஷயத்தில் அது ரொம்பவே பின்தங்கியது. கேஸ் அடுப்பில் தீ வளையமாக எரிவதால் அந்த வளையத்துக்கு மேலே இருக்கும் இரும்பு முதலில் காய்கிறது, ஓரம் பின்தங்கிவிடுகிறது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் காய்ந்த சட்டியில் ஒரு கைப்பிடி கோதுமை மாவைச் சமமாகத் தூவி ஹையில் வையுங்கள். தீ படும் இடத்தில் மாவு வட்டமாகக் கருகும்போது ஓரத்து மாவு இன்னும் வெள்ளையாகவே இருக்கும்.

அதனால் ஹையில் மூன்று நிமிடம் காய்ச்சுவதை விட மீடியத்தில் எட்டிலிருந்து பத்து நிமிடம் காய்ச்சுவதுதான் எனக்குப் பலன் தந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியைக் கால் வட்டம் திருப்பி வைக்கிறேன். கைப்பிடியும் கூடவே சுடும் என்பதால் துணி கையில் இருக்க வேண்டும். இண்டக்‌ஷனில் இன்னும் நிதானம் தேவை. அடுப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சட்டியை விடச் சின்னதாக இருந்தால் நடுப்பகுதி மட்டும் சட்டென்று சூடேறும். ஆரம்பத்திலேயே அதிகமாக வைத்தால் சட்டி வளையவோ விரிசல் விடவோ வாய்ப்பு உண்டு.

சரி, போதுமான சூடு என்பது எவ்வளவு? உப்பும் மிளகும் மட்டும் தடவிய மீனுக்கு 200 முதல் 220 டிகிரி செல்சியஸ். மேல்பரப்பு நன்றாகச் சிவந்து மணம் வர சுமார் 150 டிகிரியாவது வேண்டும். குளிர்ந்த மீன் பட்டதும் சட்டியின் சூடு கணிசமாக இறங்கும். அந்த இறக்கத்தையும் தாங்கி 150க்கு மேலேயே நிற்கத்தான் முன்கூட்டியே 200ஐத் தாண்ட வேண்டியிருக்கிறது. துப்பாக்கி மாதிரி பிடித்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் வேலை சுலபம். பளபளப்பான ஸ்டீல் பாத்திரத்தில் அது தவறாகக் காட்டும், கறுப்பு இரும்பில் நம்பலாம். நடுவில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்னும் காய விடுவேன்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் எண்ணெய்ப் புகையைப் பார்ப்பார்கள். இதில் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரீஃபைண்ட் கடலை எண்ணெய் 230 டிகிரியை ஒட்டித்தான் புகையும், செக்குக் கடலை எண்ணெயோ 160 வாக்கிலேயே புகைய ஆரம்பித்துவிடும். செக்கு எண்ணெய் புகைவதைப் பார்த்து 'சூடு வந்துவிட்டது' என்று மீனைப் போட்டால் சட்டி இன்னும் பாதி வழியில்தான் இருக்கும். மீன் ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த வேலைக்கு ரீஃபைண்ட் எண்ணெயோ நெய்யோ எடுப்பேன். வாசனை வேண்டுமென்றால் கடைசியில் ஒரு ஸ்பூன் செக்கு எண்ணெய் விட்டால் போயிற்று. தண்ணீர்த் துளி உருண்டு ஓடுகிறதா என்று பார்ப்பது குறைந்தபட்ச சூட்டை மட்டும்தான் சொல்லும். சட்டி 200இல் இருந்தாலும் 300இல் இருந்தாலும் துளி உருண்டுதான் ஓடும்.

இப்போது நேரம். 2 சென்டிமீட்டர் கனமுள்ள வஞ்சிரம் துண்டு இரண்டை எடுத்துக்கொள்வோம். உப்பு போட்டு கால் மணி நேரம் வைத்தால் மேலே நீர் கோத்துக்கொள்ளும். அதைத் துணியால் அழுத்தி நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, மீன் வெந்து வெளுக்குமே தவிர சிவக்காது. சட்டி 210ஐத் தொட்டதும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், உடனே துண்டுகள். போட்டதும் ஒருமுறை மெதுவாக அழுத்திவிட்டு அப்புறம் தொடக் கூடாது. சத்தத்தைக் கவனியுங்கள். பலமான 'சுர்ர்' தொடர்ந்து வந்தால் சரி. சத்தம் அடங்கி, ஓரத்தில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தால் சூடு போதவில்லை அல்லது துண்டுகள் அதிகம் என்று அர்த்தம். இந்த அளவுச் சட்டியில் இப்படி முறுகலாக எடுக்க இரண்டு துண்டு, மிஞ்சினால் மூன்று.

முதல் பக்கம் மூன்று நிமிடம். பக்கவாட்டில் பார்த்தால் வெண்மை கீழிருந்து ஏறிப் பாதியைத் தாண்டியிருக்கும். தோசைத் திருப்பியை ஓரத்தில் நுழைத்தால் தானாக விட்டுக்கொடுக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் இன்னும் முப்பது விநாடி விடுங்கள், இழுக்காதீர்கள். இரண்டாவது பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும், உள்ளே ஏற்கெனவே பாதி வெந்துவிட்டது. நடு எலும்பை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி தெரியாமல் இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்தாயிற்று. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரில் அது 63 டிகிரி. உடனே தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் இந்தச் சட்டி வெகுநேரம் வேகவைத்துக்கொண்டே இருக்கும், மீன் வறண்டுவிடும். துண்டு 3 சென்டிமீட்டர் என்றால் தீயைக் கூட்டாமல் ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுகிறேன்.

மசாலா தடவிய மீனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. 210இல் மிளகாய்த் தூளும் பூண்டும் ஒரு நிமிடத்திலேயே கறுத்துக் கசந்துவிடும். அதற்கு 170–180 போதும். தீயை மீடியத்துக்குக் கீழே இறக்கி முதல் பக்கம் நாலு நிமிடம், அடுத்தது மூன்று. சட்டியில் தங்கிய மசாலாவை அடுத்த ஈட்டுக்கு முன் துணியால் துடைத்து, இரண்டு நிமிடம் மறுபடி காய விட வேண்டும். துடைக்காமல் போட்டால் முதல் ஈட்டின் கரி இரண்டாவது மீனில் ஒட்டும்.

ஆட்டுக்கறிச் சாப்ஸுக்கு நேர் எதிர். நமக்குக் கிடைக்கும் வெள்ளாட்டுக் கறி சட்டியில் மட்டும் வேகாது, குக்கரில் மென்மையாகும் வரை வேகவைத்து, வடித்து, ஆறவிட்டு, ஈரம் ஒற்றிய பிறகுதான் சட்டிக்கு வருகிறது. உள்ளே வேக வேண்டியது எதுவும் இல்லை, மேலே முறுகல் மட்டும் வேண்டும். அதனால் சட்டி 220–230 வரை ஏறலாம், பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். குக்கரில் வடித்த சாறு அரைக் கிண்ணமாவது மிஞ்சும். சாப்ஸை எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்து, அந்தச் சாற்றைச் சூடாகவே சட்டியில் ஊற்றிச் சுரண்டினால் அடியில் பிடித்தது முழுக்கக் கரைந்து கெட்டியான குழம்பாகும். குளிர்ந்த சாற்றையோ தண்ணீரையோ ஊற்றாதீர்கள், சட்டி விரிசல் விடலாம்.