கம்பெனி வாரண்டியா, நீட்டிப்பு வாரண்டியா?

காட்பாடியில் இருக்கும் மச்சானின் காருக்கு கம்பெனி வாரண்டி 3 வருடம். பணம் கட்டி இன்னும் 2 வருடம் நீட்டித்திருக்கிறார். இரண்டும் ஒன்றே என்று நினைத்திருந்தார்.

பெரிய வித்தியாசம் பெயிண்டில்தான். அடி படாமலே பெயிண்ட் கொப்புளித்தாலோ உரிந்தாலோ அது பெரும்பாலும் தயாரிப்புக் குறை. கம்பெனி வாரண்டியில் கேட்கலாம். பெங்களூர் ஹைவேயில் லாரி தெறிக்கும் கல்லால் பானெட்டில் விழும் புள்ளிகளுக்குக் கிடைக்காது. கல் பட்ட இடத்தில் நடுவே சிறு குழி இருக்கும். கொப்புளத்தில் பெயிண்ட் மேலெழும்பி நிற்கும். நீட்டிப்பிலோ பெயிண்ட் பெரும்பாலும் சேர்வதே இல்லை. அதனால் 3 வருடம் முடியும் முன்பே பகல் வெளிச்சத்தில் பார்த்து, குறையை சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் எழுத வைத்துவிடுங்கள்.

கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, வைப்பர் தேய்ந்தால் இரண்டிலும் நம் செலவுதான். பேட்டரிக்குப் பெரும்பாலும் அதைத் தயாரித்த கம்பெனியின் தனி வாரண்டி. அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

நீட்டிப்பு கைகொடுப்பது இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி கம்ப்ரசர் போன்றவற்றுக்கு. வேலூர் வெயிலில் ஏசி ஓயாமல் ஓடுவதால், நான் அதற்காகவே நீட்டிப்பேன். ஆனால் சர்வீஸைத் தவறவிட்டால் அதையும் மறுக்கலாம்.