பழைய சரக்கை எந்த விலைக்குக் கீழே கொடுக்கக் கூடாது?

தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும்போது பெரும்பாலானவர்கள் அடக்க விலையையே கடைசி எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே கேட்டால் "நஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போட்ட பணம் போட்டாகிவிட்டது. விற்றாலும் வைத்திருந்தாலும் அது மாறப்போவதில்லை. எல்லை விலையை முடிவு செய்வது, அந்தப் பொருளை வைத்திருந்தால் இனிமேல் கைக்கு எவ்வளவு வரும் என்ற கணக்குதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு பொருளின் அடக்கம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 60 பொருள்கள் இருக்கின்றன. தள்ளுபடி போட்டு, விற்கும் செலவு போக, ஒன்றுக்கு 90 கிடைக்கிறது. ஆனால் மாதத்துக்கு 5தான் நகர்கிறது. இந்த நேரத்தில் ஒரு மொத்த வியாபாரி, இருப்பதை அப்படியே ஒன்று 65 என்று எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

வைத்திருந்தால் என்ன செலவு? பணத்தின் வட்டி மாதம் 1.5 சதவீதம் என்போம். பலர் இதை 100-க்குப் போடுகிறார்கள், அது தவறு. இன்று விற்றால் கைக்கு வருவது 65தானே, அந்த 65-க்குத்தான் வட்டி. மாதம் சுமார் 1. கிடங்கு இடத்துக்கு 1, சேதாரம், எண்ணிப் பார்க்கும் வேலை எல்லாம் சேர்த்து 0.5. மொத்தம் ஒரு பொருளுக்கு மாதம் 2.5.

60-உம் தீர 12 மாதம் ஆகும். மாதக் கடைசியில் விற்பதாகக் கணக்கு வைத்தால், ஒரு பொருள் சராசரியாக 6.5 மாதம் காத்திருக்கும். அதற்கான செலவு 16.25. ஆக 90-இல் நிஜமாக மிஞ்சுவது 73.75. இதுதான் மொத்தமாகக் கொடுப்பதற்கான எல்லை விலை. அடக்கத்தைவிட 26 குறைவு, ஆனால் வியாபாரி கேட்கும் 65-ஐவிட அதிகம். இந்த நிலையில் வைத்திருப்பதே மேல்.

சரி, மாதம் 5 என்பது நிஜமா? பழைய சரக்கு எப்போதும் ஒரே வேகத்தில் நகராது. நல்ல அளவும் நல்ல நிறமும் முதலில் போய்விடும், மிச்சம் இழுத்துக்கொண்டே போகும். மாதம் 3தான் என்றால் 20 மாதம் ஆகும். சராசரி காத்திருப்பு 10.5 மாதம், செலவு 26.25, மிஞ்சுவது 63.75. இப்போது 65 நல்ல விலையாகிவிட்டது. அதனால் ஆண்டு சராசரியைப் பார்க்காமல் கடைசி சில மாதங்களின் விற்பனையைத் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தால் அந்தச் சராசரியை நம்பக் கூடாது.

இடத்துக்குப் போட்ட 1-ஐயும் கேள்வி கேட்க வேண்டும். இந்தச் சரக்கு வெளியேறினால் அந்த இடத்தில் வேறு சரக்கு வருமா, அல்லது வாடகை குறையுமா? இரண்டும் இல்லை, கிடங்கு பாதி காலியாகவே கிடக்கிறது என்றால் அந்த 1 வெறும் ஏட்டுச் செலவு. அதை எடுத்துவிட்டால் மாதச் செலவு 1.5. மாதம் 3 விற்றாலும் மிஞ்சுவது 74.25, அதாவது வைத்திருக்கலாம். கிடங்கு நிரம்பி, வெளியில் இடம் தேடும் நிலை என்றால் இதே 1 இரண்டு மூன்றாகக்கூட ஆகலாம். பருவத்தோடு விலை இறங்கும் பொருளென்றால் அந்த இறக்கத்தையும் மாதச் செலவோடு கூட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே எல்லை விலை போட வேண்டியதும் இல்லை. மாதம் 5 விற்கும் கணக்கில், 10-ஆவது மாதம் விற்கும் பொருளில் மிஞ்சுவது 90-இல் 25 போக 65. 11, 12-ஆம் மாதங்களுக்குத் தள்ளிப்போகும் 10 பொருள்களில் 62.5-உம் 60-உம்தான் வரும். ஆக, வியாபாரி பகுதியாக எடுக்கத் தயார் என்றால் அந்த 10-ஐ 65-க்குக் கொடுத்துவிட்டு மீதி 50-ஐ 90-க்கு மெதுவாக விற்பது இரண்டு வழியையும்விட நல்லது. அவர் நல்லதாகப் பொறுக்கி எடுத்தால் இந்தக் கணக்கு நிற்காது. கலந்து எடுக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

நஷ்டத்தைக் கணக்கில் காட்ட வேண்டாமே என்று சரக்கைப் பிடித்து வைப்பதிலும் பயனில்லை. சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 2, சரக்கை அடக்க விலை, விற்பனைச் செலவு போகக் கிடைக்கக்கூடிய தொகை இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிடச் சொல்கிறது. 100 அடக்கமான பொருளுக்கு 90தான் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், விற்காமல் அடுக்கிலேயே இருந்தாலும் ஏட்டில் அந்த 10-ஐக் குறைத்தாக வேண்டும்.