சுற்றுலாச் சம்மதக் கடிதங்கள்: கோவையா, இடாப்பா, வட்ஸ்அப்பா, கணினித் தாளா?

முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் தரம் 9 இன் இரண்டு வகுப்புகள், மொத்தம் 62 பிள்ளைகள், சிகிரியாவுக்கு ஒரு நாள் கல்விச் சுற்றுலா போவதாக வைத்துக்கொள்வோம். மாங்குளத்தில் ஏ9 வீதியில் ஏறி, வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை வழியாகப் போகும் நெடும்பயணம் அது. அதன் முடிவில் ஏறத்தாழ 1200 படிகளும் இருக்கின்றன. வீட்டுக்கு அனுப்பிய சம்மதக் கடிதங்கள் திரும்பி வருவதைக் கணக்கில் வைப்பதற்கு எங்கள் பாடசாலைகளில் நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: கடிதங்களை ஒரு கோவையில் சேர்த்துக் கட்டி வைப்பது, வகுப்பு இடாப்பைப் பார்த்து ஒரு பதிவுத் தாள் கீறுவது, பெற்றோரின் வட்ஸ்அப் குழுவை நம்புவது, கணினியில் விரிதாள் திறப்பது. இவற்றை இரண்டு கேள்விகளை வைத்தே ஒப்பிடப் போகிறேன். இன்னும் எந்தக் குடும்பம் பதில் தரவில்லை என்பதை அந்த வழி காட்டுகிறதா? கடிதத்தில் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பு, தேவைப்படும் நேரத்தில் பேருந்தில் இருக்கும் ஆசிரியரின் கைக்கு வந்து சேருமா?

கோவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வந்த கடிதங்களை அது பத்திரமாக வைத்திருக்கும். கையொப்பமிட்ட மூலப் பிரதி என்ற அளவில் அதற்கு ஈடான சான்று வேறில்லை. ஆனால் வராதவற்றைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது. கோவையில் 51 தாள்கள் இருந்தால், 62 இலிருந்து கழித்து 11 பேர் பாக்கி என்று வகுப்பாசிரியர் அதிபரிடம் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கு எவ்வளவு பிழையானது என்பது, அதே தாள்களைப் பெயர் பெயராக ஒரு பதிவுத் தாளில் ஏற்றும்போதுதான் வெளிப்படும்.

ஆகவே அந்த 51 தாள்களையும் ஏற்றிப் பார்ப்போம். முதலாவதாக, ஒரு பிள்ளை கடிதத்தைத் தொலைத்துவிட்டு இன்னொரு பிரதி வாங்கியிருக்கிறது. பின்னர் பழையதும் அகப்பட, இரண்டும் வந்துவிட்டன. எனவே பதில் தந்த பிள்ளைகள் 50, வராத கடிதங்கள் 12. அந்த ஐம்பதில் 5 குடும்பங்கள் பிள்ளையை அனுப்பவில்லை என்று எழுதியிருக்கின்றன. அவர்களின் விடயம் அத்துடன் முடிந்தது. மிகுதி 45 இல் மூன்று கடிதங்களில் கையொப்பம் இல்லை, அல்லது அக்காவோ அண்ணாவோ போட்ட கையொப்பம் இருக்கிறது. எஞ்சிய 42 இல் 29 கடிதங்களில் மருத்துவப் பகுதியில் ‘இல்லை’ என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, 6 இல் ஏதோவொரு நோய் அல்லது ஒவ்வாமை குறிக்கப்பட்டிருக்கிறது, 7 இல் அந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஆசிரியர் இன்னும் தொடர்புகொள்ள வேண்டிய வீடுகள் 12, 3, 7 என்பவற்றின் கூட்டுத்தொகையான 22 ஆகும். கோவை சொன்ன கணக்கின் சரி இரட்டிப்பு.

வெறுமையாக விடப்பட்ட அந்த ஏழு கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வெற்றிடத்தை ‘நோய் இல்லை’ என்று வாசிப்பதுதான் இந்த வேலையில் நான் அடிக்கடி காணும் தவறு. எழுத வாசிக்கச் சிரமப்படும் அம்மம்மா ஒருவர், பேரப்பிள்ளை காட்டிய இடத்தில் கையொப்பமோ கைநாட்டோ வைத்து அனுப்பியிருக்கலாம். முட்டு வருத்தத்தைச் சொன்னால் பிள்ளையை ஏற்றமாட்டார்கள் என்று பயந்து ஒரு தாய் அந்த இடத்தை விட்டிருக்கலாம். படிவத்திலேயே ‘உண்டு / இல்லை, ஒன்றைச் சுற்றிக் காட்டவும்’ என்று அச்சிட்டுவிட்டால், வெற்றிடம் வந்தவுடன் அது முடியாத கடிதம் என்று தெரிந்துவிடும். சிகிரியாவுக்குப் போகிறவர்கள் இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்: முன்பு எப்போதாவது குளவியோ தேனீயோ கொட்டி உடம்பு முழுவதும் தடித்ததா, மூச்சுத் திணறியதா? அந்தக் குன்றில் குளவிகள் கலைந்து பார்வையாளர்களைக் கொட்டிய சம்பவங்கள் பல முறை நடந்திருக்கின்றன. ‘ஒவ்வாமை உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் நண்டு, இறால், கத்தரிக்காய் என்று எழுதுவார்களே ஒழிய, குளவிக்கடியை எவரும் நினைக்கமாட்டார்கள்.

இடாப்பைப் பார்த்துக் கீறும் பதிவுத் தாளின் பலமே இதுதான். அது வந்த கடிதங்களிலிருந்து தொடங்காமல் பிள்ளைகளிலிருந்து தொடங்குகிறது. அதனால் வராத கடிதத்துக்கும் ஒரு வரி இருக்கிறது. சேர்விலக்கம், பெயர், கடிதம் பிள்ளையின் கையில் கொடுத்த திகதி, திரும்பிய திகதி, சம்மதம், கையொப்பம் இட்டவரின் உறவுமுறை, மருத்துவம், தொடர்புகொண்ட விபரம் என்று எட்டு நிரல்கள் போதும். கொடுத்த திகதியை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வராத 12 பேரில் சிலர், கடிதம் பகிர்ந்த நாளில் பாடசாலைக்கே வராதவர்களாக இருப்பார்கள். அந்த வீடுகளைக் ‘கடிதம் தராதவர்கள்’ என்று கடிந்துகொள்வது அநியாயம். மருத்துவ நிரலில் ‘உண்டு’, ‘இல்லை’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதக் கூடாது, ஏனெனில் அந்தத் தாள் ஆசிரியர் மேசையில் திறந்து கிடக்கும். வலிப்பு, இருதய நோய், இரவில் படுக்கையில் சிறுநீர் போதல் என்பவற்றை முன்வாங்குப் பிள்ளை எட்டிப் பார்த்தால், அடுத்த இடைவேளைக்குள் அது வகுப்பு முழுவதும் பரவிவிடும்.

பதிவுத் தாளின் குறை, அது ஓரிடத்தில் மட்டுமே இருப்பது. இரண்டு வகுப்பாசிரியர்கள் தனித்தனித் தாள் வைத்திருந்தால், இரண்டையும் யாராவது ஒருவர் நாள்தோறும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு வகுப்புகள் வரை அது சிரமமில்லை.

வட்ஸ்அப் குழு வேகமானது என்பதை மறுக்கவில்லை. காலையில் அனுப்பிய ஒரு குரல்பதிவு, எழுத வாசிக்கத் தெரியாதவரையும் மத்தியானத்துக்குள் எட்டிவிடுகிறது. ஆனால் அதைப் பதிவேடாகக் கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. குழுவில் வரும் ‘சரி ரீச்சர்’ என்ற பதில் யாருடையது? வீட்டிலுள்ள ஒரே கைபேசி பிள்ளையின் கையில் இருந்தால் பதிலும் பிள்ளையினுடையதாகவே இருக்கக்கூடும். மேலும், எந்தக் குடும்பங்களைத் தேட வேண்டியிருக்கிறதோ, பெரும்பாலும் அவையே குழுவில் இல்லாதவை. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, பொத்தான் கைபேசி வைத்திருக்கும் அம்மம்மாவுடன் வாழும் பிள்ளை. தகப்பன் கடலில் நிற்கும் நாட்களில் தொடர்பு எடுபடாத வீடு. இலக்கம் மாறியும் பாடசாலைக்குச் சொல்லாத வீடு என்று அவற்றை வரிசைப்படுத்தலாம். எல்லாவற்றையும்விட மோசமானது, ‘என் மகனுக்கு வலிப்பு வாறது, கவனமாகப் பாருங்கோ’ என்று ஒரு தாய் அறுபது வீடுகள் பார்க்கும் இடத்தில் எழுதிவிடுவது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகவே கொள்கிறது. மருத்துவ விபரங்களைக் குழுவில் எழுத வேண்டாம் என்ற வரியை, அழைப்புச் செய்தியின் முதல் வரியாகவே போடுவது நல்லது.

கணினி விரிதாள், பதிவுத் தாள் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது. எண்ணும் வேலையை மட்டும் அது தானே எடுத்துக்கொள்கிறது. D நிரலில் திரும்பிய திகதி, E இல் சம்மதம், F இல் கையொப்பமிட்டவரின் உறவுமுறை, G இல் மருத்துவம் என்று வைத்தால், H நிரலில் இதை இடலாம்:

```
=IF(D2="","வரவில்லை",IF(E2="இல்லை","செல்லவில்லை",IF(OR(E2="",F2="",G2=""),"குறை உண்டு","முடிந்தது")))
```

பிள்ளையோ உடன்பிறந்தவரோ இட்ட கையொப்பமானால் F ஐ வெறுமையாக விட வேண்டும். அப்படிச் செய்தால் மேற்சொன்ன 62 பேரும் 12, 5, 10, 35 என்று தாமாகவே பிரிந்து நிற்பார்கள். மூன்று நான்கு வகுப்புகளும் இரண்டு பேருந்துகளும் சேரும் சுற்றுலாவுக்கு இதைவிட வசதியானது இல்லை. ஆனாலும் இதற்கென்றே உரிய இரண்டு கோளாறுகள் உண்டு. தொலைபேசி இலக்கத்தைத் தட்டச்சு செய்யும்போது முன்னால் உள்ள பூச்சியம் மறைந்து, 077 இல் தொடங்கும் இலக்கம் 77 என்று நிற்கும். அந்த நிரலை முன்கூட்டியே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். அடுத்தது ஆபத்தானது: பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து அகரவரிசைப்படுத்தினால் பெயர்கள் நகரும், மற்றைய நிரல்கள் நகரமாட்டா. ஒருவருடைய ‘உண்டு’ இன்னொருவர் பெயருக்கு எதிரே போய் நிற்கும், அட்டவணையோ பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஐந்தாறு கடிதங்களைக் கையிலெடுத்துச் சேர்விலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். போதாததற்கு, அலுவலகக் கணினியில் பலரும் ஒரே கடவுச்சொல்லைப் பாவிக்கும் பாடசாலைகளில் மருத்துவ விபரத்தை அங்கே எழுதுவதும் குழுவில் எழுதுவதற்கு அடுத்தபடியான காரியமே.

இரண்டு வகுப்புகள் வரை என் தெரிவு காகிதப் பதிவுத் தாள். அதற்கு மேல் விரிதாள். கோவை எந்த நிலையிலும் உடன் இருக்க வேண்டும், ஆனால் சான்றாக மட்டும். வட்ஸ்அப் நினைவூட்டலுக்கு மட்டும். மருத்துவக் குறிப்போ இவை நான்கிலும் அடங்காமல் தனியாகப் போக வேண்டும். ‘உண்டு’ என்று வந்த ஆறு கடிதங்களையும் ஆசிரியர் ஒருவர் வாசித்து, வீட்டாரோடு பேசி, ஒரே ஒரு ஏ4 தாளில் பிள்ளையின் பெயர், நோய், மருந்து எங்கே இருக்கிறது, வருத்தம் வந்தால் செய்ய வேண்டியது, யாரை அழைப்பது என்பவற்றை எழுத வேண்டும். உதாரணமாக, முட்டுள்ள பிள்ளையின் இன்ஹேலர் பேருந்தின் அடிப்பெட்டிக்குப் போகும் பையில் இருக்கக் கூடாது. படி ஏறும்போது பிள்ளையின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். பிள்ளைக்குக் கிளினிக் கொப்பி இருந்தால், அதன் கடைசிப் பக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்துத் தாளோடு இணைக்கலாம். தாளின் அடியில் அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்தையும் எழுதிக்கொள்ளலாம். ஒரு பிரதி பேருந்துப் பொறுப்பாசிரியரிடமும் மற்றது முத்திரையிட்ட உறையில் பிரதி அதிபரிடமும் இருக்கும். திரும்பி வந்ததும் இரண்டையும் கிழித்துவிட வேண்டும்.

இனி, வராத வீடுகள். தொடர்பு நிரலில் ‘சொல்லப்பட்டது’ என்று எழுதுவதால் பயனில்லை. திகதி, பேசியவர், கிடைத்த பதில் என்ற மூன்றும் வேண்டும். முதலில் பிள்ளையைத் தனியே கேட்க வேண்டும், ஏனெனில் பல கடிதங்கள் புத்தகப் பைக்குள்ளேயே மடிந்து கிடக்கும். அடுத்தது தொலைபேசி, அதற்கும் பதில் இல்லாவிட்டால், அதே ஊரால் போய் வரும் ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போவது. இந்த ஒழுங்கில் போகும்போது, மறதியால் வராத கடிதங்கள் முதல் இரண்டு படிகளிலேயே தீர்ந்துவிடுவதையும் கடைசி வரை நிற்பவை பெரும்பாலும் பணத்தால் நிற்பதையும் காணலாம். கட்டணம் கட்ட முடியாது என்று எழுதக் கூசும் குடும்பம் ‘இல்லை’ என்றும் எழுதாது, பேசாமல் இருந்துவிடும். ‘கட்டணம் பற்றி அதிபருடன் பேச விரும்புகிறோம்’ என்று படிவத்தில் ஒரு கட்டம் அச்சிட்டிருந்தால், அதில் ஒரு சரி அடையாளம் போடுவது அவர்களுக்கு எளிது.

யார் கையொப்பமிடலாம் என்பதைச் சேர்வுப் பதிவேட்டில் பாதுகாவலர் எனக் குறிக்கப்பட்டவரின் பெயரைக் கொண்டே தீர்க்க வேண்டும். தாய் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சம்மதம் சொன்னால், அதைத் தொடர்பு நிரலில் எழுதிவிட்டு, பிள்ளையை வளர்ப்பவரின் கையொப்பத்தையும் வாங்க வேண்டும். கடைசித் திகதி பயணத்துக்கு மூன்று வேலை நாட்கள் முன்பாகவாவது இருக்கட்டும். புறப்படும் காலையில் வாயிலில் நீட்டப்படும் கடிதத்தில் ‘உண்டு’ என்று இருந்தால், அந்த நேரத்தில் கிளினிக் கொப்பியைப் பார்க்கவோ வீட்டாரோடு பேசவோ முடியாது. ‘இல்லை’ என்று இருந்து, பாதுகாவலரும் நேரில் நின்று கையொப்பத்தை உறுதிசெய்தால், பதிவுத் தாளில் அந்த வரியை நிரப்பிவிட்டுப் பிள்ளையை ஏற்றலாம்.