கார்ட்ரிட்ஜில் லாபம் வைப்பதா, இயந்திரத்தில் வைப்பதா: நீர் சுத்திகரிப்பான் விற்பவருக்கான மூன்று விலை முறைகள்

கைப்பிடியை மலிவாகக் கொடுத்துவிட்டு பிளேடில் லாபம் பார்ப்பது என்றதும் எல்லோரும் ஜில்லெட்டைச் சொல்வார்கள். ஆனால் 1904இல் பெற்ற காப்புரிமை உயிரோடு இருந்த காலம் முழுவதும் அந்நிறுவனம் தன் சவரக் கருவியை 5 டாலர் என்ற, அன்றைக்கு மிக உயர்ந்த விலையில்தான் விற்றது. 1921இல் காப்புரிமை முடிந்த பிறகே பழைய மாதிரியின் விலை ஒரு டாலருக்கு இறங்கியது. கைப்பிடியை வாங்கியவர் அவர்களுடைய பிளேடையே வாங்க வேண்டிய பிணைப்பு மிக உறுதியாக இருந்த காலத்தில் அவர்கள் கைப்பிடியை நஷ்டத்துக்குக் கொடுக்கவில்லை என்பதை, சுத்திகரிப்பானை அடக்க விலைக்கும் கீழே தள்ள நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. பிளேடு மழுங்கினால் கன்னம் அன்றைக்கே சொல்லிவிடும். கார்பன் வடிகட்டி தீர்ந்துபோனால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. தண்ணீர் முன்புபோலவே தெளிவாக வரும். ஆகவே சுத்திகரிப்பான் விற்பவருக்கு முதல் போட்டியாளர் பக்கத்துக் கடையின் கார்ட்ரிட்ஜ் அல்ல, "அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம்" என்ற வாடிக்கையாளரின் எண்ணம்தான். மாற்றுப் பாகத்தின் விலையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணத்துக்கே வலுச் சேர்க்கிறோம்.

மூன்று முறைகளை ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஓர் ஆர்ஓ இயந்திரத்தின் அடக்கம் 100 அலகு, விற்று நிறுவும் செலவு 15. ஆண்டுக்கு ஒரு முறை மாற்றும் கார்ட்ரிட்ஜ் தொகுப்பின் அடக்கம் 10, அதை மாற்ற ஒருவர் வீட்டுக்குச் சென்று வரும் செலவு 6. ஐந்து ஆண்டுப் பயன்பாட்டில் நான்கு மாற்றங்கள் வரும்.

முதல் முறையில் இயந்திரம் 80க்கும், வேறு எதுவும் பொருந்தாத தனி வடிவக் கார்ட்ரிட்ஜ் 40க்கும் விற்கப்படுகின்றன. இயந்திரத்தில் 35 நஷ்டம், ஒவ்வொரு மாற்றத்திலும் 24 லாபம். நான்கு மாற்றங்களும் நடந்தால் 96 வரும், நஷ்டம் போக 61 நிற்கும். வணிகத் திட்டத்தில் எழுதப்படுவது இந்த 61தான். ஆனால் நூறு வாடிக்கையாளர்களில் முதல் ஆண்டு 60 பேர், பிறகு 45, 30, 20 பேர் என மாற்றுவோர் குறைந்துகொண்டே போனால், ஓர் இயந்திரத்துக்குச் சராசரியாக 1.55 மாற்றம்தான் நடக்கும், லாபம் 37.2, நஷ்டம் போகக் கையில் மிஞ்சுவது 2.2.

இரண்டாம் முறையில் இயந்திரம் 140க்கு விற்கப்படுகிறது. உள்ளே எங்கும் கிடைக்கும் 10 அங்குல வடிகட்டிகளும் உப்பை நிறுத்தும் பொது அளவு மெம்பிரேனும் இருக்கும். கார்ட்ரிட்ஜ் தொகுப்பின் விலை 22. இயந்திரத்திலேயே 25 லாபம் வந்துவிடுகிறது, மாற்றத்துக்கு 6 மட்டும். நம்மிடமே மாற்றுவோர் 50, 40, 30, 25 எனக் குறைந்தாலும் அதில் 8.7 சேர்ந்து மொத்தம் 33.7 ஆகிறது. முதல் முறை இதை எட்ட வேண்டுமானால், நடக்க வேண்டிய மாற்றங்களில் ஏறத்தாழ 72 விழுக்காடு நம் கார்ட்ரிட்ஜாலேயே நடக்க வேண்டும். மலிவு விலையால் இயந்திரங்கள் கூடுதலாக விற்கும் என்பது உண்மைதான், அப்போது 72 என்ற எல்லை கீழே இறங்கும். ஆனால் ஒவ்வொரு கூடுதல் இயந்திரமும் முதல் நாளிலேயே 35 அலகு முதலீட்டைக் கேட்கும் என்பதும் அதே அளவு உண்மை.

பிணைப்பு எங்கே அறுகிறது என்பதை ஓர் இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் புரியும். உள்வரும் நீரில் கரைந்துள்ள உப்பின் அளவான டிடிஎஸ் 480 ஆக இருந்து வெளிவருவது 24 என்றால், மெம்பிரேன் 95 விழுக்காட்டு உப்பை நிறுத்துகிறது என்று பொருள். கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கப்பட்ட குளோரின் பாலியமைடு மெம்பிரேனை அரித்துவிடும். அதைத் தடுப்பது முன்னால் இருக்கும் கார்பன்தான். கார்ட்ரிட்ஜ் விலை அதிகம் என்று வாடிக்கையாளர் ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் தீர்ந்த கார்பனைத் தாண்டிக் குளோரின் உள்ளே போகும், மாதங்கள் செல்லச் செல்ல வெளிவரும் அளவு 24இலிருந்து 60, 150 என ஏறும். அந்த நிலையில் அவரிடம் நீட்டப்படுவது மெம்பிரேனும் சேர்ந்த, எல்லாவற்றிலும் பெரிய கட்டணச் சீட்டு. மலிவாக வாங்கிய இயந்திரத்தை அப்படியே கைவிட்டு வேறொன்று வாங்குவது அப்போது அவருக்கு எளிதாகத் தோன்றும். நம்மைத் தவிர யாரிடமும் போக முடியாதபடி கட்டிய பூட்டு, அவர் முழுமையாக வெளியேறுவதற்கே காரணமாகிறது.

டிடிஎஸ் மீட்டரை மட்டும் வைத்துக் கார்பனின் நிலையை அறிய முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மெம்பிரேனுக்கு முன்னுள்ள குழாயிலிருந்து ஒரு குவளை நீர் எடுத்துக் குளோரின் சோதனைச் சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விற்பவர் இதை வாடிக்கையாளரின் கண்முன் செய்து காட்டினால், மாற்றத்துக்கான காரணத்தை அவரே பார்த்துவிடுகிறார். என் கணிப்பில் இதைவிட உறுதியான பிணைப்பு கார்ட்ரிட்ஜின் தனி வடிவக் கழுத்திலோ, அதை அடையாளம் காணும் மின்னணுச் சில்லிலோ இல்லை. அந்தக் கழுத்துக்குப் பொருந்தும் மாற்றுக் கார்ட்ரிட்ஜைப் பிறர் வார்த்தெடுப்பதும், சில்லை ஏமாற்றுவதும் விற்பனை பெருகப் பெருக லாபகரமாகிவிடும். காபி இயந்திரத்தில் கியூரிக் நிறுவனம் 2014இல் பிறர் தயாரித்த காபித்தூள் குப்பிகளை ஏற்காத பூட்டை வைத்தபோது வாங்குவோரிடம் எழுந்த எதிர்ப்பால், மறு ஆண்டே தவறை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

மூன்றாவது முறை வாடகை. இயந்திரம் விற்பவருக்கே சொந்தம். ஆண்டுக் கட்டணம் 50, கார்ட்ரிட்ஜும் வருகையும் அதற்குள் அடக்கம். தொடக்கத்தில் 115 முதல் போட்டு, ஐந்து ஆண்டில் 250 வாங்கி, மாற்றங்களுக்கு 64 செலவழித்தால் 71 மிஞ்சும். மூன்றில் இதுவே பெரிய தொகை. ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் வாடிக்கையாளர் விலகினால் 31 நஷ்டம். திரும்பி வரும் இயந்திரத்தைக் கழுவி, கிருமிநீக்கி, மீண்டும் பொருத்தும் திறன் இருந்தால்தான் அது ஈடாகும். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: இங்கே கார்ட்ரிட்ஜ் வருமானம் அல்ல, செலவு. தள்ளிப்போடும் ஆசை வாடிக்கையாளரிடமிருந்து விற்பவரிடம் இடம் மாறுகிறது. லிட்டர் அளவியும், ஒவ்வொரு வருகையிலும் தேதியுடன் எழுதிக் கொடுக்கும் அளவீடும் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், குடிப்பவரின் உடல்நலத்தில்தான் அந்தச் சேமிப்பு கை வைக்கும்.

லிட்டர் அளவி முதல் இரண்டு முறைகளுக்கும் தேவை. காலண்டரை மட்டும் வைத்து, மாற்றச் சொல்லி எரியும் விளக்கு இருவர் வாழும் வீட்டில் பாதி தீர்ந்த கார்ட்ரிட்ஜை எறியச் சொல்லும், எட்டுப் பேர் வீட்டில் தாமதமாக எரியும். முதலாவது வீட்டுக்காரர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் அடுத்த முறை விளக்கையே நம்ப மாட்டார்.

புதிதாகத் தொடங்கும் விற்பவருக்கு நான் இரண்டாம் முறையைத்தான் சொல்வேன். வாடகைக்குப் பெரிய முதலீடு வேண்டும், முதல் முறைக்கோ தன் வாடிக்கையாளர் மாற்றுவாரா என்ற விவரம் கையில் வேண்டும். முதல் 200 இயந்திரங்களை இரண்டாம் முறையில் விற்று, மாற்றும் நாள் வந்த பின் மூன்று மாதம் பொறுத்து, எத்தனை பேர் நம்மிடம் மாற்றினர், எத்தனை பேர் வெளியில் மாற்றினர், எத்தனை பேர் மாற்றவே இல்லை என்று தொலைபேசியில் கேட்டுத் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். வெளியில் மாற்றுவோர் அதிகமென்றால் தனி வடிவத்தைப் பற்றி யோசிக்க இடமுண்டு. மாற்றாதோர் அதிகமென்றால் எந்தப் பூட்டும் பயன்படாது; கார்ட்ரிட்ஜ் விலையைக் குறைத்து, வருகையைக் கூட்ட வேண்டும்.