நரைக்குப் பர்கண்டி சிவப்பு டை போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சனிக்கிழமை சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு சலூனில் 1,450 ராண்ட் கொடுத்தேன். இன்று செவ்வாய். என் வகிடும் காதோரமும் பளீரென்ற ரோஸ் நிறம், அதற்குக் கீழே முடி முழுக்கப் பழைய கறுப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளுக்குக் கல்யாணம். வயிறு எரிகிறது.

எனக்கு முன்பக்கம் ஏறக்குறைய முழு வெள்ளை. பதினொரு வருடமாக வீட்டிலேயே கறுப்பு டைதான். அந்தப் பெண் பர்கண்டி நிறச் சாம்பிள் முடியை என் கன்னத்தோடு வைத்துக் காட்டி, "கறுப்பு போட்டால் ரெண்டு வாரத்தில் வெள்ளைக் கோடு தெரியும் ஆண்டி, இதில் அவ்வளவு தெரியாது" என்றாள். உண்மைதானே என்று தோன்றியது. பழைய கறுப்பு டையைப் பற்றியும் சொன்னேன். "பரவாயில்லை, மேலேயே பிடிக்கும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உட்கார்ந்தேன்.

ஒரே கலவையை வேரிலிருந்து நுனிவரை பூசி, இருபது நிமிடத்தில் கழுவிவிட்டாள். கண்ணாடியில் பார்த்துக் கேட்டதற்கு, இங்கே லைட் அப்படி என்றாள். ஞாயிறு போன் செய்தேன், ரெண்டு தடவை குளித்தால் அடங்கும் என்றாள். குளித்தேன், துண்டுதான் சிவந்தது. நேற்று நேரில் போனால், "உங்கள் நரை பிடிவாதமான நரை" என்று பழியை என் தலைமேலேயே போட்டாள். பணம் திரும்ப வராதாம், சரிசெய்ய இன்னும் 900 ராண்டாம். 1,450 வாங்கியது எதற்கு?

என் சித்தி மகள் வருடக்கணக்காக முடி வேலை செய்கிறவள். பார்த்ததுமே சொல்லிவிட்டாள். வெள்ளை முடியில் அடிநிறமே கிடையாது. அதன்மேல் சிவப்பை மட்டும் பூசினால் பளீரென்று ரோஸ்தான் தெரியும், காப்பர் என்றால் கேரட் நிறம். அதே அளவு அடர்ந்த சாதாரண பிரவுனைச் சேர்த்துக் கலக்க வேண்டும், என் அளவு நரைக்குப் பாதிக்குப் பாதி. டையோடு கலக்கும் 20 வால்யூம் டெவலப்பரில், வேரில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடமாவது ஊற வேண்டும். கீழே இருக்கும் கறுப்பு டையை இன்னொரு டை வெளுக்காது. அதை முதலில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே சிவப்பு தெரியவே தெரியாது. இதைப் பூசும் முன்பே சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன்.

நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. பிரவுன் எவ்வளவு கலக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உட்காராதீர்கள். காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் முதலில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 48 மணி நேரம் முன்னால் தோலில் தடவிப் பார்க்கவேண்டிய சோதனையைக்கூட எனக்குச் செய்யவில்லை. முன்பணம் கொடுக்கவே வேண்டாம், நான் 1,450 ராண்டையும் முதலிலேயே நீட்டிவிட்டேன்.

நாளை சாயங்காலம் சித்தி மகள் வந்து வெள்ளைப் பகுதிக்கு மட்டும் பிரவுன் போடுகிறாள்.