இரண்டு நிமிட உரைக்கு எத்தனை சொற்கள்? சொல் கணக்கும் எழுத்துக் கணக்கும்

ஓர் ஆவணப்படத்துக்கோ அருங்காட்சியக ஒலி வழிகாட்டிக்கோ இரண்டு நிமிடப் பின்னணி உரை எழுதித் தரச் சொல்லும்போது, "நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள்" என்ற அளவுகோலையும் பலர் சேர்த்தே தந்துவிடுகிறார்கள். அது ஆங்கில வாசிப்பிலிருந்து வந்த கணக்கு. அதை நம்பி 260 சொற்களில் தமிழ் உரை எழுதினால், நிதானமாக வாசிப்பவருக்கு நான்கு நிமிடமும் போதாமல் போகும். அதனால் தமிழில் எதை எண்ணுவது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சொல்லை எண்ணலாம், எழுத்தை எண்ணலாம், மாத்திரையை எண்ணலாம், அல்லது எண்ணுவதையே விட்டுவிட்டு வாசித்துப் பார்க்கலாம்.

சொல்லை எண்ணுவதில் உள்ள சிக்கலை இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்தாலே காணலாம். "இந்த ஊர் கடல் அருகே உள்ள சிறிய ஊர்" என்பதில் ஏழு சொற்கள். "பல்லவர்காலத்துக் கற்சிற்பங்களைக் காண்பதற்காக வெளிநாட்டவர்களும் இவ்வூருக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள்" என்பதிலும் ஏழே சொற்கள். ஆனால் புள்ளி வைத்த மெய்களை நீக்கிவிட்டு எண்ணினால் முதல் வாக்கியத்தில் 14 எழுத்துகளும் இரண்டாவதில் 38 எழுத்துகளும் இருக்கின்றன. வாசிக்கும் நேரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் இது தவிர்க்க முடியாதது. போதாக்குறைக்கு, "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்பதை ஒருவர் சேர்த்தும் இன்னொருவர் "வந்து கொண்டு இருக்கிறார்கள்" என்று பிரித்தும் எழுதுவார்கள். ஒலிக்கும் நேரம் கிட்டத்தட்ட மாறாமல் இருக்க, சொற்களின் எண்ணிக்கை மட்டும் ஒன்றிலிருந்து மூன்றாகிவிடும். ஒரே எழுத்தாளர் ஒரே நடையில் தொடர்ந்து எழுதும் வேலைகளில் சொல் கணக்கு ஓரளவு உதவும். கை மாறினால் அது நிற்காது.

மெய்யை விட்டு எழுத்தை எண்ணுவது நமக்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் அடிக்கு 16 அல்லது 17 எழுத்து என்று எண்ணுவது இதே முறையில்தான். உயிரும் உயிர்மெய்யும் ஒவ்வொன்றும் ஒரு குரல் துடிப்பாக ஒலிப்பதால், நேரத்தோடு நெருங்கிய தொடர்பு இந்த எண்ணுக்கே உண்டு. கணினி காட்டும் எழுத்துக்குறிக் கணக்கை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. "பள்ளிக்கூடம்" என்பதில் மெய் நீங்கலாக நான்கு எழுத்துகளே உள்ளன. ஆனால் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணும் யூனிகோடு கணக்கில் அது 12 ஆகிவிடும். சரியான எண்ணை எடுக்கச் சிறிய நிரல் போதும்:

```python
import re
t = open("urai.txt", encoding="utf-8").read()
print(len(re.findall(r"[\u0B85-\u0BB9](?!\u0BCD)", t)))
```

இந்த நிரல் ஓரிடத்தில் கோட்டை விடும். எண்களை அது காண்பதில்லை. மாமல்லபுரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஆண்டைக் குறிக்க "1984ஆம்" என்று எழுதியிருந்தால் நிரல் ஓர் எழுத்தைத்தான் எண்ணும். வாசிப்பவரோ "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம்" என்று 14 எழுத்துகளை ஒலிக்கிறார். நான்கு ஆண்டுகளைக் குறிப்பிடும் வரலாற்று உரையில் இதனால் மட்டும் பத்து விநாடிகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் கூடிவிடும். ஆகவே எண்களையும் சுருக்கக் குறிகளையும் வாசிக்கும் வடிவில் விரித்து எழுதிய பிறகே எண்ண வேண்டும்.

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று மாத்திரையை எண்ணுவது இன்னும் நுட்பமானதாகத் தோன்றும். ஆனால் இறுதி உகரம் குறுகுவதையும் ஐகாரம் சுருங்குவதையும் கவனித்து எண்ண வேண்டும் என்பதோடு, இயல்பான பேச்சில் நெடில் எப்போதும் குறிலைப் போல் சரியாக இரு மடங்கு நீள்வதும் இல்லை. நானூறு எழுத்துகளுக்கு மேல் போகும் உரையில் குறிலும் நெடிலும் தம்மளவில் கலந்து சமன்பட்டுவிடுவதால், இவ்வளவு உழைப்புக்கு ஈடான பலன் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பத்து விநாடி விளம்பர வரிக்கு வேண்டுமானால் செய்து பார்க்கலாம்.

எழுத்துக் கணக்கைத் தேர்ந்துகொண்டாலும், மொத்த எழுத்துகளை ஒரே வேகத்தால் வகுப்பது போதாது. நிதானமான உரையில் நேரத்தைக் கணிசமாக விழுங்குவது மௌனம். ஆகவே மௌனத்தை முதலில் கழித்துவிட்டு, எஞ்சிய நேரத்துக்கு எழுதுவதே பாதுகாப்பு. மாமல்லபுரத்தைப் பற்றி 14 வாக்கியங்களில், நான்கு பத்திகளாக ஓர் ஒலி வழிகாட்டி உரை திட்டமிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்திலும் முடிவிலும் சேர்த்து 5 விநாடி வெறுமையாக விட வேண்டும். வாக்கியங்களுக்கு நடுவே 13 இடைவெளிகள். அவற்றில் பத்தி மாறும் மூன்றுக்கு 2 விநாடி வீதமும் மற்ற பத்துக்கு 1 விநாடி வீதமும் கொடுத்தால் 16 விநாடி ஆகிறது. காற்புள்ளி போன்ற சிறு நிறுத்தங்கள் இருபதுக்கு 0.4 விநாடி வீதம் 8 விநாடி. மொத்தம் 29 விநாடி மௌனத்துக்கே போய்விட, பேசுவதற்கு எஞ்சுவது 91 விநாடிதான். வாசிப்பவர் பேசும் நேரத்தில் விநாடிக்கு 5 எழுத்து ஒலிப்பவரானால் 455 எழுத்துகளுக்கு இடமிருக்கிறது. சொல்லுக்குச் சராசரியாக 3.8 எழுத்து வரும் நடையில் அது 120 சொற்கள். ஆங்கில அளவுகோல் சொன்ன 260 சொற்களில் பாதிகூட இல்லை.

இந்தக் கணக்கில் "விநாடிக்கு 5" என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும் எண்; அதைக் கடன் வாங்கக் கூடாது. வாசித்துப் பார்க்கும் முறைக்கு உரிய இடம் இங்கேதான் வருகிறது. முழு உரையையும் கைக்கடிகாரத்தோடு வாசிப்பது உண்மையான நேரத்தைத் தரும் என்பது சரியே. ஆனால் எழுதி முடித்த பிறகுதான் அதைச் செய்ய முடியும், அதுவும் எழுதியவர் மனத்துக்குள்ளோ முணுமுணுத்தோ வாசித்தால் நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும். அதைவிட, ஒலிவாங்கி முன் அமரப்போகிறவரையே முதல் பத்தியை விட்டு நடுப்பகுதியிலிருந்து அரை நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, ஆடாசிட்டி மென்பொருளில் `Truncate Silence` கொண்டு, சிறு நிறுத்தங்களும் முழுதாக நீங்கும்படி அதன் அளவுகளை மாற்றி அமைத்து மௌனங்களை நறுக்கி, எஞ்சும் விநாடிகளால் அந்தப் பகுதியின் எழுத்துகளை வகுத்தால் அவருடைய வேகம் கிடைத்துவிடும். நடுப்பகுதி என்று சொல்வதற்குக் காரணம், பெரும்பாலானவர்கள் முதல் வரிகளை வேண்டுமென்றே மெதுவாக வாசித்துவிட்டுப் பிறகு தங்கள் இயல்பான வேகத்துக்குத் திரும்பிவிடுவதுதான்.

மௌனத்தையும் பேச்சையும் பிரித்து வைத்திருப்பதன் பயன் பதிவு முடிந்த பின்னும் தெரியும். உரை 130 விநாடி வந்துவிட்டால், மௌனங்களை நறுக்கிப் பார்க்க வேண்டும். பேச்சு மட்டும் 91 விநாடிக்கு அருகில் இருந்தால், நிறுத்தங்கள் திட்டத்தைவிட நீண்டிருக்கின்றன. அவற்றைத் தொகுப்பு மேசையிலேயே கத்தரித்துக்கொள்ளலாம். பேச்சே 101 விநாடி ஆகியிருந்தால், இந்த வேகத்துக்கு 50 எழுத்து, அதாவது ஒன்றரை வாக்கியம், உரையிலிருந்து போக வேண்டும். "கொஞ்சம் வேகமாக வாசியுங்கள்" என்று கேட்டுப் பத்து விநாடியை மீட்கப் பார்த்தால், வாசிப்பவர் முதலில் விழுங்குவது நிறுத்தங்களைத்தான். அப்போது நேரம் பொருந்தும், நிதானம் போய்விடும்.